நனைந்தால் தெரியும் நூலின் குணம்

இம்முறை நான் எழுதுவது நானே நட்டப்பட்டுப் படித்த ஒரு பாடம். முப்பது வருடத்துக்கு மேல் புடவைக் கடையில் நின்றவன் நான். ஒரு துணியைக் கையில் பிடித்தால் அது என்ன துணி என்று சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பை உடைத்தது, பெஷன் டிசைன் டிப்ளோமா படித்த என் மகளின் பயிற்சிக் கொப்பியில் இருந்த ஓர் அட்டவணை.

முதலில் நட்டத்தைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன்னர் 240 மீற்றர் பூப்போட்ட துணி எடுத்தேன். மீற்றர் 320 ரூபா. விற்றவர் அதைச் "சொஃப்ட் கொட்டன்" என்றார். கையில் குளிர்ச்சியாக, வழுவழுப்பாக, நன்றாக விழும் துணி. நானும் நல்ல கொட்டன் என்றே நம்பினேன். எங்கள் ஊரில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரியிடம் கொடுத்து, ஒன்றுக்கு 2.5 மீற்றர் வீதம் 96 நீள டொப் தைப்பித்தேன். துணி 800 ரூபா, கூலி 350 ரூபா, ஆக ஒரு டொப்பின் செலவு 1,150 ரூபா. பெருநாளைக்கு முன்னரே எல்லாம் விற்றுப் போயின.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் டொப்புகள் திரும்பி வரத் தொடங்கின. 44 அங்குலம் இருந்த டொப் ஒரு கழுவலோடு நாற்பதரை அங்குலமாகிவிட்டது. 22 அங்குலக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. சிலவற்றில் கக்கத்துப் பக்கம் துணியே கிழிந்திருந்தது. மொத்தம் 31 டொப்புகளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். செலவுக் கணக்கில் மட்டும் 35,650 ரூபா போனது.

கோபத்தில் நான் நேரே தையல்காரியின் வீட்டுக்குப் போனேன். "அளவைக் குறைத்து வெட்டி, துணியை மிச்சம் பிடித்துவிட்டாய்" என்று சொல்லிவிட்டேன். "நானா, நான் வெட்டின அளவு சரி. கழுவினதுக்குப் பிறகுதான் கட்டையாப் போயிருக்கு. துணியைப் பாருங்க" என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கூலியில் 10,000 ரூபாவை நிறுத்திவைத்தேன். அவள் அதற்குப் பிறகு என் வேலையை எடுக்கவில்லை.

மகளின் அட்டவணை

இரண்டு வருடம் கழித்து, 2018இல், என் மகள் டிப்ளோமா வகுப்புக்காக ஓர் அட்டவணை செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு இழைக்கும் ஒரு வரி. அது எரியும் விதம், ஈரம் எடுக்கும் அளவு, நனைந்தால் பலம் கூடுமா குறையுமா, எதற்குப் பாவிக்கலாம், எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று பத்திகள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அந்தத் துணியில் ஒரு சிறு துண்டு ஒட்ட வேண்டும். வீட்டில் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தவள், அந்தப் பூப்போட்ட துணியில் ஒரு துண்டை எடுத்து "விஸ்கோஸ்" என்ற வரியில் ஒட்டினாள்.

"அது கொட்டன், மகள்" என்றேன்.

"இல்லை வாப்பா. நனைச்சுப் பாத்திட்டுத்தான் ஒட்டுறேன்" என்றாள்.

அந்த அட்டவணையில் பன்னிரண்டு இழைகள் இருந்தன. நமக்கு அன்றாடம் வேண்டியவை மூன்று. அவற்றை மட்டும் கீழே தருகிறேன்.

| | பருத்தி (கொட்டன்) | விஸ்கோஸ் (ரேயோன்) | பொலியெஸ்டர் |
|---|---|---|---|
| எதிலிருந்து | பஞ்சுச் செடி | மரக்கூழ் | பெற்றோலியம் |
| 100 கிராம் உலர்ந்த இழை காற்றிலிருந்து எடுக்கும் ஈரம் | ஏறக்குறைய 8 கிராம் | ஏறக்குறைய 13 கிராம் | அரைக் கிராமுக்கும் குறைவு |
| நனைந்தால் பலம் | சற்றுக் கூடும் | பாதியளவுக்குக் குறையலாம் | மாறாது |
| எரித்தால் | கடதாசி மணம், மென்மையான சாம்பல் | கடதாசி மணம், மென்மையான சாம்பல் | உருகிச் சுருங்கும், கடினமான மணி |
| பொருத்தமான பாவனை | அடிக்கடி கழுவும் உடை, சீருடை, குழந்தை உடை | தொளதொளப்பான டொப், ஸ்கார்ப் | அபாயா, மடிப்புக் கலையாத உடை |
| அயன் | கூடிய சூடு | நடுத்தரச் சூடு, உட்பக்கம் | குறைந்த சூடு |

முதல் இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எரித்தால் இரண்டும் ஒன்று. கடையில் நெருப்புக்குச்சி கொளுத்தி நூலை எரித்துப் பார்க்கும் நமது பழைய வழக்கம் பொலியெஸ்டரைக் காட்டிக்கொடுக்கும். விஸ்கோஸைக் காட்டிக்கொடுக்காது. நான் அந்தத் துணியை வாங்கும்போதே ஒரு நூலை எரித்துப் பார்த்தேன். கடதாசி மணம் வந்தது, சாம்பல் உதிர்ந்தது. "கொட்டன்தான்" என்று முடிவு கட்டினேன். கடையில் வைத்தே இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் வரி அட்டவணையில் ஒன்றுதான். நனைந்தால் பலம் என்ன ஆகிறது என்ற வரி.

ஏன் இந்த வித்தியாசம்?

பருத்தியும் விஸ்கோஸும் அடிப்படையில் ஒரே பொருளால் ஆனவை. செலுலோஸ் என்று சொல்வார்கள். செடி மரமெல்லாம் அதனால் ஆனவை. அதனால்தான் இரண்டும் கடதாசி போல எரிகின்றன. பருத்தி இழையைச் செடியே வளர்த்துத் தருகிறது. அதற்குள்ளே செலுலோஸின் நீண்ட சங்கிலிகள் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். விஸ்கோஸ் அப்படியல்ல. மரக்கூழை இரசாயனத்தில் கரைத்து, பாகு போலாக்கி, மிக நுண்ணிய துளைகளால் அமிலத் தொட்டிக்குள் தள்ளி, மீண்டும் இழையாக உறைய வைக்கிறார்கள். இந்த வழியை 1892இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். கரைத்து உறைய வைத்ததில் சங்கிலிகள் குட்டையாகி, அடுக்கும் தளர்ந்துவிடுகிறது.

தளர்ந்த அடுக்குக்குள் தண்ணீர் இலகுவாகப் புகும். புகுந்து, சங்கிலிகளுக்கு இடையிலான பிடிப்பை இளக்கிவிடும். உலர்ந்திருக்கும்போது போதிய பலத்தோடு இருக்கும் துணி, வாளிக்குள் கிடக்கும்போது பாதிப் பலத்தோடுதான் கிடக்கிறது. அந்த நேரத்தில் நமது வீட்டுப் பெண்கள் பழக்கப்படி அதை முறுக்கிப் பிழிகிறார்கள். கக்கத்துத் தையல் ஓரத்தில் கிழிந்ததற்குக் காரணம் அதுதான். பருத்தியை அப்படிப் பிழியலாம், கல்லில் அடிக்கவும் செய்யலாம். நனைந்த பருத்தி உலர்ந்த பருத்தியைவிடச் சற்றுப் பலமானது. நமது சாரங்கள் கிணற்றடிக் கல்லில் பல வருடம் அடிபட்டும் நின்றதன் இரகசியம் இதுவே. பொலியெஸ்டருக்குள் தண்ணீர் புகுவதில்லை. ஆகவே நனைந்தாலும் அதன் பலம் மாறாது, சுருக்கமும் குறைவு. ஆனால் வியர்வையையும் அது உறிஞ்சாது. நமது நாட்டு வெயிலில் அதை அணிபவருக்கு அந்தக் குறை தெரியும்.

சுருக்கத்துக்கு வேறொரு காரணம் உண்டு. துணியை நெய்யும்போதும், சாயமிட்டு அச்சடித்துக் காயவைக்கும்போதும், அதை நீளப் பக்கமாக இழுத்தபடியே இயந்திரங்களில் ஓட்டுகிறார்கள். நனைந்த விஸ்கோஸ் இலகுவாக நீளும். நீண்ட நிலையிலேயே அது காய்ந்து, ரோலில் சுற்றப்பட்டு நமது கடைக்கு வருகிறது. முதல் முறை வாளித் தண்ணீரில் தளர்வாகக் கிடக்கும்போது தனது பழைய நீளத்துக்குத் திரும்பிவிடுகிறது. அத்தோடு, தண்ணீர் குடித்த நூல் தடிக்கிறது. தடித்த நூலின் மேலும் கீழும் வளைந்து போகும் மற்ற நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுவதால் துணி இன்னும் சுருங்குகிறது. நாம் மீற்றர் கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய நீளத்தில் ஒரு பகுதி வெறும் இழுவைதான்.

கடையிலேயே செய்யக்கூடிய நூல் சோதனை

மகள் செய்து காட்டிய சோதனைக்கு ஒரு துளித் தண்ணீர் போதும். துணியின் நீளப் பக்கமாக ஓடும் பாவு நூலில் ஐந்தும், குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஐந்தும் உருவி எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் இருந்தால் நல்லது. நூலின் நடுப்பகுதியில் மட்டும் விரல் நுனியால் தண்ணீர் தொட்டு, ஓரிரு விரல் அகலத்துக்கு நனையுங்கள். தண்ணீர் ஊறச் சற்றுப் பொறுங்கள். பின்னர் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள்.

விஸ்கோஸ் நனைந்த இடத்திலேயே அறும். பருத்தியில் நனைந்த இடம் பலமாக இருப்பதால், பெரும்பாலும் உலர்ந்த வேறோர் இடத்தில் அறும். ஒரு நூலை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். நூலில் இயல்பாகவே ஒரு மெலிந்த இடம் இருக்கலாம். பத்தில் எட்டு, ஒன்பது நனைந்த இடத்தில் அறுந்தால் அது விஸ்கோஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். பூப்போட்ட துணியில் பத்துக்குப் பத்தும் நனைந்த இடத்திலேயே அறுந்தன.

பாவையும் ஊடையையும் தனித்தனியே பார்க்கச் சொல்வது, இரண்டும் வேறு வேறு இழையாக இருக்கும் துணிகளும் சந்தையில் உண்டு என்பதால்தான். எரித்துப் பார்க்கும் சோதனையையும் விட்டுவிட வேண்டாம். முதலில் அதைச் செய்தால் பொலியெஸ்டர் கலந்திருப்பது தெரிந்துவிடும். சாம்பலுக்குள் கடினமான கருமணி அகப்பட்டால் அது கலப்பு நூல். உருகிய துளி கையைச் சுடும், ஆகவே நூலைச் சாமணத்தால் பிடித்து, தட்டு ஒன்றின் மேல் வைத்து எரியுங்கள்.

இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. பருத்தியும் விஸ்கோஸும் ஒரே நூலில் கலந்திருந்தால் விடை குழம்பும். நனைந்தாலும் பலம் அதிகம் குறையாதபடி செய்யப்பட்ட மொடல் போன்ற ரேயோன் வகைகளும் உண்டு. எத்தனை வீதம் கலப்பு என்பதை ஆய்வுகூடத்தில்தான் சொல்வார்கள். ஆனால் "முழுக் கொட்டன்" என்று சொல்லித் தரும் துணி முழு விஸ்கோஸா என்று அறிய ஒரு துளித் தண்ணீர் போதும்.

சுருக்கத்தை அளந்து விலை போடுவது

விஸ்கோஸ் ஒன்றும் கெட்ட துணி அல்ல. குளிர்ச்சியானது, சாயம் நன்றாக ஏறும், அழகாக விழும். அதைக் கொட்டன் என்று நினைத்து வெட்டியதுதான் நான் செய்த பிழை. அறிந்து வெட்டியிருந்தால் கணக்கு எப்படி வந்திருக்கும் என்று மிச்சத் துணியில் பார்த்தோம்.

60 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, அதன் நடுவில் 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை அழியாத பேனையால் குறித்தோம். நீளப் பக்கம் எது என்பதை அம்புக்குறியால் காட்டினோம். வீட்டில் கழுவுவது போலவே கழுவி, நிழலில் காயவைத்து, இழுக்காமல் அயன் பண்ணி அளந்தோம். முதற்கழுவலில் நீளப் பக்கம் மூன்றரை சென்ரிமீற்றர் குறைந்தது. மூன்று முறை கழுவிய பின் 46 சென்ரிமீற்றரில் நின்றது. அகலப் பக்கம் 49. அதாவது நீளத்தில் 8 வீதம், அகலத்தில் 2 வீதம். ஒரு கழுவலோடு நிறுத்தினால் ஏமாறுவோம், மூன்று முறை கழுவிப் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் விடும் கணக்குப் பிழை ஒன்று உண்டு. 44 அங்குலத்தோடு அதன் 8 வீதத்தைக் கூட்டினால் நாற்பத்தேழரை வரும். அது போதாது. சுருங்குவது வெட்டிய நீளத்தில் 8 வீதம். ஆகவே 44ஐ 0.92ஆல் வகுக்க வேண்டும். விடை 47.8 அங்குலம். அதே முறையில் 2.5 மீற்றர் துணி 2.72 மீற்றராகும். 240 மீற்றரில் 96 டொப் அல்ல, 88தான் வரும். மொத்தத் துணி விலை 76,800 ரூபாவை 88ஆல் வகுத்தால் ஒரு டொப்புக்குத் துணிச் செலவு 873 ரூபா. நான் போட்டிருந்தது 800. ஒரு டொப்பில் 73 ரூபாவைக் கணக்கில் எடுக்காததால்தான் 31 டொப் திரும்பி வந்தது.

கூட்டி வெட்டித் தைத்தால், முதற்கழுவல் வரை உடுப்பு நீளமாகத் தொங்கும். அதை வாங்குபவரிடம் விளக்க வேண்டியிருக்கும். ஆகவே நான் இப்போது துணியைப் பத்துப் பத்து மீற்றராக வெட்டி, தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் வடியவைத்து, நிழலில் காயவைத்த பிறகே வெட்டக் கொடுக்கிறேன். சுருக்கத்தில் பெரும் பகுதி இதிலேயே போய்விடும். மிச்சச் சுருக்கத்துக்கு ஓர் அங்குலம் சேர்த்து வெட்டுகிறோம். புதுத் துணியின் மினுமினுப்புக் கொஞ்சம் குறையும், ஆனால் உடுப்பு திரும்பி வராது.

விற்கும்போது சொல்ல வேண்டியவை

விஸ்கோஸ் உடுப்பு விற்கும்போது நான் மூன்று விடயம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்று, முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாய்க்குள் வைத்துச் சுருட்டி அமத்தினால் தண்ணீர் வந்துவிடும். இரண்டு, நீண்ட நேரம் ஊறப்போட்டு, தூரிகையால் தேய்க்க வேண்டாம். இயந்திரத்தில் போடுவதானால் வலைப் பைக்குள் போட்டு மென்மையான சுற்றில் விடலாம். மூன்று, ஈரத்தோடு கொடியில் ஒரு முனையால் தொங்கவிட வேண்டாம். தண்ணீரின் பாரமே அதை இழுத்து அலங்கோலமாக்கிவிடும்.

லேபலில் உள்ள குறிகளும் இதையே சொல்கின்றன. தண்ணீர்த் தொட்டிக்குள் கை இருந்தால் கையால் கழுவ வேண்டும். தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் இயந்திரத்தின் மென்மையான சுற்று. அயன் படத்துக்குள் இரண்டு புள்ளி இருந்தால் நடுத்தரச் சூடு. சதுரத்துக்குள் வட்டம் போட்டு அதன் மேல் குறுக்குக் கோடு இருந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் போடக் கூடாது. லேபல் இல்லாத துணியை வாங்கும் நாம்தான் அந்த லேபலை வாயால் சொல்ல வேண்டியவர்கள்.

பாடசாலைச் சீருடைக்கும், தினமும் அடித்துத் துவைக்கும் சாரத்துக்கும், சிறு பிள்ளைகள் ஓடியாடும் இறுக்கமான உடுப்புக்கும் விஸ்கோஸை நான் கொடுப்பதில்லை. கேட்டு வந்தவரிடம் காரணத்தைச் சொல்லிக் கொட்டனையோ, கொட்டனும் பொலியெஸ்டரும் கலந்த துணியையோ காட்டுகிறேன். ஒரு விற்பனை குறையலாம். ஆனால் வாடிக்கையாளர் குறைவதில்லை.

இப்போது என் கல்லாப் பெட்டிக்குள் ஒரு கொப்பி இருக்கிறது. வரும் ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு வரி. துணித்துண்டு, விற்றவர் சொன்ன பெயர், எரித்த விடை, நனைத்த விடை, நீளச் சுருக்கம், அகலச் சுருக்கம் என்று பத்திகள். கொள்முதலுக்குப் போகும்போது முதலில் அரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி வந்து சோதித்துவிட்டுத்தான் ரோலுக்குப் பணம் கட்டுகிறேன்.

மகள் அந்தத் துண்டை ஒட்டிய அன்று மாலையே நான் தையல்காரியின் வீட்டுக்குப் போனேன். நிறுத்திவைத்த 10,000 ரூபாவைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பத்து நூலையும் அவள் முன்னால் நனைத்து அறுத்துக் காட்டினேன். அவள் பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு, "அன்றைக்கே துணியைப் பாருங்கன்னு சொன்னேனே நானா" என்றாள். இப்போது துணியை வெட்டுமுன் நனைத்துப் பார்ப்பது அவளுடைய வேலை. அவள் சரி என்று சொன்ன பிறகுதான் நான் விலை போடுகிறேன்.